கறாரக்காவின் எடை

முதியோர் இல்லத்தில் மகளுடைய வேலை காலை ஆறரைக்கு நாற்காலித் தராசோடு தொடங்கும். சக்கரம் வைத்த வெள்ளை நாற்காலி. கைப்பிடிக்குப் பக்கத்தில் எண் காட்டும் சின்னத் திரை. அவள் பார்த்துக்கொள்ளும் பதினொரு பேரில் நான்கு பேருக்கு இதயம் பலவீனம். அந்த நான்கு பேரையும் தினமும், காலைக்கடன் முடிந்த பிறகு, காபி உள்ளே போவதற்கு முன்னால், அந்த நாற்காலியில் உட்காரவைத்து எடை பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் உட்காருவதற்கு முன்னால் காலி நாற்காலியின் பொத்தானை அழுத்தி, திரையில் பூஜ்யம் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஆறு வருடமாக இதைச் செய்து செய்து, பொத்தானை அழுத்துகிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் அவள் விரல் அதை அழுத்தும். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்வதை யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா, என்ன?

நான்கு பேரில் ஒருவர், ஒரு காலத்தில் கப்பலில் சமையல் செய்தவர். எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் அவருக்கு ஒரே புலம்பல். "என்ன, கறிக்கடையில ஆட்டை நிறுக்கிற மாதிரி நிறுக்கறே?"

"ஆடுன்னா பேசாம நிக்கும், கேப்டன். ஏறி உட்காருங்க" என்பாள் மகள்.

இப்படி ஊரார் வீட்டு அப்பா அம்மாவை எல்லாம் கிலோ கணக்கில் காப்பாற்றிக்கொண்டிருந்தவளுக்கு, சொந்த அம்மாவுக்கும் அதே நோய் என்று போன் வந்தது. மூச்சு முட்டி, கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அடித்துப்பிடித்து விமானம் ஏறி ஊருக்குப் போனாள். கிடைத்தது இரண்டு வார லீவு. அதற்குள் ஊசி போட்டு நீரை எல்லாம் வடித்து, ஐம்பத்தெட்டு கிலோவில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா போய்ப் பல வருடமாகிறது. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அம்மாவை இனிமேல் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அம்மாதான்.

அம்மாவின் பெயரைச் சொன்னால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கறாரக்கா என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். பழைய இரும்பு, பேப்பர் வாங்கும் கடையில் முப்பத்தொரு வருடம் தராசில் நின்றவள். மூட்டைக்குள் கல் வைத்துக்கொண்டு வருகிறவனாலும் அவளை ஏமாற்ற முடியாது, எடையை அமுக்கிப் போடச் சொல்லும் முதலாளியாலும் அவளை அசைக்க முடியாது. முள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவளும் நிற்பாள்.

தினமும் கடை திறந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக்கல்லைத் தூக்கிச் சுருள்கம்பித் தராசில் வைப்பது. முள் இருபதில் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் திருகைத் திருப்பி இருபதுக்குக் கொண்டுவருவாள். காலித் தராசு பூஜ்யம் காட்டுகிறதே, அது போதாதா என்று மகள் சின்ன வயதில் ஒருநாள் கேட்டாள். "சும்மா நிக்கிறப்ப எல்லாரும் யோக்கியம்தான்" என்று அம்மா சிரித்தாள். "கம்பி தளர்ந்துபோச்சுன்னா காலியா இருக்கப்ப சரியா காட்டும், சுமை ஏத்தினா அதிகமா காட்டும். கல்லு வச்சுப் பாக்கணும். கல்லு பொய் சொல்லாது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் எடை பார்க்கும் தராசு வாங்கப் போனார்கள். மகள் பேட்டரி போட்ட கண்ணாடித் தராசைக் காட்டினாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாத சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கிறவள் மாதிரி கீழே வைத்தாள்.

"முள்ளில்லாத தராசை நான் நம்பமாட்டேன். இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவளிடம் யார் வாதாடுவது? வட்ட முகமும் சிவப்பு முள்ளும் வைத்த பழைய மாதிரித் தராசையே மகள் வாங்கிக்கொடுத்தாள். முன்பக்கம், விளிம்புக்கு அடியில், முள்ளை நகர்த்த ஒரு குட்டிச் சக்கரம் இருந்தது. அம்மாவின் விரல் கடையிலேயே அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

வேலை பார்க்கும் நாட்டுக்குத் திரும்பி வந்த பிறகு மகள் போனில் சொல்லிப் பார்த்தாள். உப்பு, தண்ணீர், மாத்திரை என்று ஆரம்பித்தாலே அம்மா, "சரி சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பேச்சை வெட்டிவிடுவாள். ஆனால் எழுத்தில் வந்தது எதுவானாலும் அம்மாவுக்கு அது சட்டம். கடையில் முதலாளி வாயால் சொன்னால் மறந்துவிடுவாள், சீட்டில் எழுதிக்கொடுத்தால் உயிரே போனாலும் மாற்றமாட்டாள். அதனால் மகள் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, காகிதத்தில் பேனாவால் ஒரு கடிதம் எழுதினாள்.

"அன்புள்ள அம்மா,

இதைப் படித்துவிட்டு மடித்து வைக்காதே. தராசுக்கு மேலே சுவரில் ஒட்டு.

தினமும் காலையில் பாத்ரூம் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், அதே மெல்லிய நைட்டியோடு ஏறி நில். தராசு சிமென்ட் தரையில் இருக்க வேண்டும், பாயில் இல்லை. சுவரைப் பிடிக்காதே. நோட்டில் எழுது. எழுதியதை எனக்குச் சொல்.

இதெல்லாம் எதற்கு என்றால், உன் இதயம் இப்போது பழைய வேகத்தில் இறைக்கமாட்டேன் என்கிறது. நீர் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கித் தெரிவதற்கு முன்னாலேயே தராசுக்கு அது தெரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரே வாரத்தில் யாருக்கும் மூன்று கிலோ சதை போடாது அம்மா. ஏறினால் அது தண்ணீர்தான்.

ஆஸ்பத்திரித் தராசில் பார்த்து டாக்டர் சொன்னது ஐம்பத்தெட்டு. நீர் எல்லாம் வடிந்த பிறகு அதுதான் உன் எடை. அதை முத்திரை குத்திய கல் மாதிரி வைத்துக்கொள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், அல்லது மெல்ல மெல்ல ஏறி அறுபதைத் தொட்டால், என்னையும் கேட்காதே, யாரையும் கேட்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் செய்.

உப்பு டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வை. ஊறுகாய் வேண்டாம். கடை ரொட்டி, உப்பு பிஸ்கட், பாக்கெட் வறுவல், சூப் தூள் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கும். எலுமிச்சம்பழமும் மிளகும் போட்டுக்கொள். உப்புக்குப் பதிலான உப்பு என்று ஒன்று விற்பார்கள், அதை வாங்கவே வாங்காதே, உன் மாத்திரைக்கு அது ஆகாது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் நீயாகப் போய் மாத்திரை கேட்காதே.

முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்து. எடுத்த பிறகு குழி அப்படியே நின்றால் நீர். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எத்தனை தலையணை வேண்டியிருக்கிறது என்று பார். நீர் மாத்திரையைக் காலையிலேயே போடு. வெளியே போகிறோம், பாத்ரூமுக்கு எங்கே போவது என்று நினைத்து ஒருநாளும் விடாதே.

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. இங்கே நாலு பேருக்குத் தினமும் எடை பார்க்கும்போது ஐந்தாவது ஆளாக உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதும் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் மகள்."

நோட்டில் எழுது என்பதற்கு முன்னால் இன்னொரு வரியும் எழுதியிருந்தாள். 'ஏறுவதற்கு முன்னால், காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா பார்.' எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் தராசில் நின்றவளுக்கு நான் பூஜ்யம் சொல்லித்தருவதா? படித்தால் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வரியை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்தாள்.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து குரல் செய்தி வர ஆரம்பித்தது. இங்கே மகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் அம்மாவுக்கு விடியற்காலை. "ஐம்பத்தெட்டு" என்று அம்மாவின் குரல் வரும். வணக்கமும் கிடையாது, வேறு பேச்சும் கிடையாது. கடையில் மூட்டையை இறக்கிவிட்டு எடை கூவுகிற அதே குரல். மறுநாளும் ஐம்பத்தெட்டு. அதற்கு மறுநாள் ஐம்பத்தேழரை. பிறகு ஐம்பத்தெட்டு. அதைக் கேட்ட பிறகுதான் மகளுக்குச் சோறு இறங்கும்.

உப்பு விஷயத்தில் அம்மா ஒருபடி மேலே போனாள். உப்பு டப்பாவைத் தூக்கிக் கீழ்வீட்டு டைலரிடம் கொடுத்துவிட்டாள். அந்த மனிதர் மனைவியோடு கீழே கடை வைத்திருப்பவர், அம்மாவுக்கு ஆபத்து என்றால் ஓடிவரக்கூடிய ஒரே ஆள். "பாப்பா, உங்கம்மா சமைச்சதை ஒருவாய் தின்னு பாத்தேன்" என்று அவர் ஒருநாள் போனில் சொன்னார். "வைக்கோலைத் தின்ன மாதிரி இருந்துச்சு. அக்கா அசராம சாப்பிடறாங்க." மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வேலை செய்பவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். கேப்டனிடம்கூட, "எங்கம்மாகிட்ட வந்து கத்துக்குங்க" என்றாள்.

ஏழு வாரம் இப்படிப் போனது. எண் மட்டும் அசையவில்லை. இப்போது யோசித்தால் அதுவே ஒரு அதிசயம். கேப்டனின் எடை நாளுக்கு அரைக் கிலோ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். உயிருள்ள உடம்பு அப்படித்தான். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது கல் மட்டும்தான். இது மகளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஆறுதலாக இருக்கிற விஷயத்தை யார் கிளறிப் பார்க்கிறார்கள்?

அம்மா சொல்லாமலும் இல்லை. "பசியே இல்ல. ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு கல்லு மாதிரி ஆயிடுது" என்று ஒருநாள் சொன்னாள்.

"எடை எவ்வளவும்மா?"

"ஐம்பத்தெட்டுதான்."

"எடை ஏறலைன்னா தண்ணி இல்ல. வாயுவா இருக்கும், பயப்படாதே."

இன்னொரு நாள், பாவாடை நாடா இறுக்குகிறது என்றாள். சாயங்காலம் காலில் அழுத்தினால் கொஞ்சம் குழி விழுகிறது என்றாள். எடை ஐம்பத்தெட்டு. நிற்கிற வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே, காலைத் தூக்கி வைத்துக்கொள் என்றாள் மகள். பிறகு ஒருநாள், தலையணை இரண்டாகிவிட்டது என்றாள் அம்மா. அன்று மகளுக்கே மனசு கேட்கவில்லை, ஆஸ்பத்திரி நர்சைக் கூப்பிடச் சொன்னாள். அம்மா கூப்பிட்டாள். நர்சும் முதலில் எடையைத்தான் கேட்டார். ஐம்பத்தெட்டா, ஒரு மாதமா மாறவே இல்லையா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா, ரொம்ப நல்லது, குறித்த தேதிக்கே வாருங்கள் என்றார். அந்தத் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

எட்டாவது நாள் காலை டைலர் கூப்பிட்டார். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள், பேச முடியவில்லை, உதடு நீலமாக இருக்கிறது, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறோம். அன்று காலையும் "ஐம்பத்தெட்டு" வந்திருந்தது. அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்டபோதுதான், 'ஐம்பத்' என்பதற்கும் 'தெட்டு' என்பதற்கும் நடுவில் அம்மா ஒரு மூச்சு இழுத்தது மகளுக்குக் காதில் விழுந்தது.

கையில் கிடைத்ததைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பினாள். விமான நிலையத்தில் பெட்டி இருபத்துமூன்று கிலோ காட்டியது. சரியாக எல்லையில் நிற்கிறது என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லி, எண் அச்சிட்ட சீட்டைக் கைப்பிடியில் ஒட்டினாள்.

பெட்டியும் கையுமாக நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா சாய்த்து வைத்த கட்டிலில், மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை மட்டும் குச்சியாக இளைத்திருந்தது. போர்வைக்குக் கீழே வயிறு உயர்ந்து நின்றது. மகளின் கட்டைவிரல் தன்னால் போய் அம்மாவின் தொடையில் அழுத்தியது. எடுத்த பிறகும் குழி போகவில்லை. முழங்காலுக்குக் கீழே இல்லை, தொடையில்.

வார்டு டாக்டர் இளம்பெண், தூக்கமில்லாத கண். "வீட்ல எடை பாக்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"தினமும் பார்த்தாங்க டாக்டர். நேத்துக் காலையில வரைக்கும் ஐம்பத்தெட்டு."

"வந்தப்ப நாங்க பார்த்தது அறுபத்தஞ்சரை."

"அப்படின்னா உங்க தராசு தப்பு" என்றாள் மகள். குரல் ஓங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்கம்மா எடையில தப்பு பண்ணமாட்டாங்க. அவங்க வேலையே அதுதான்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "ஏழரை கிலோ ஒரே நாள்ல ஏறாதும்மா. இது வாரக்கணக்குல சேர்ந்தது. நுரையீரல் பூரா நீர். நீர் மருந்தை ஊசியா எவ்வளவு கொடுத்தும் கிட்னி ஒத்துழைக்க மாட்டேங்குது. ரெண்டு மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா மாத்திரை அளவை மாத்தியே சரி பண்ணியிருக்கலாம்." பிறகு, "வேற ஏதாவது மருந்து, பொடி சாப்பிட்டாங்களான்னு வீட்ல பாருங்க" என்றார்.

மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். சமையல் மேடையில், டம்ளருக்குப் பக்கத்தில், வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டால் பொங்குகிற பொடியின் காலிப் பாக்கெட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தன. பதினெட்டு இருந்தது. ஒரு பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தாள். சோடியம். உப்பு டப்பாவை வீட்டை விட்டே துரத்தியவள், தினமும் உப்பைத்தான் கரைத்துக் குடித்திருக்கிறாள். வாயு என்று சொல்லிக்கொடுத்த மகராசி யார்? நான்தான் என்று மகள் அந்த மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் பொடி குடித்தால் எடை ஏறுமே. தராசு சொல்லியிருக்குமே.

தராசு அதன் இடத்தில், சிமென்ட் தரையில், தூசியில்லாமல் இருந்தது. மேலே சுவரில் அவள் கடிதம். டாக்டரின் முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு சாட்சி வேண்டும் என்கிற வெறியில், பெட்டியைத் தூக்கித் தராசில் நிமிர்த்தி வைத்தாள். கைப்பிடியில் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது, இருபத்துமூன்று. முள் போய் நின்ற இடம் பதினைந்தரை.

பெட்டியை இறக்கினாள். முள் திரும்பி வந்து பூஜ்யத்தில் நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டிப் பின்னால், ஏழரை கிலோ தள்ளிப் போய் நின்றது. அவள் ஏறி நின்று பார்த்தாள், இறங்கிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். விளிம்புக்கு அடியில் அந்தக் குட்டிச் சக்கரத்தின் பற்கள், நாள்தோறும் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று இருந்தன.

நோட்டு தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் இருந்தது. கடையில் கணக்கு எழுதுகிற மாதிரியே அம்மா கோடு போட்டிருந்தாள். இடதுபக்கம் தேதி, நடுவில் எடை. வலது ஓரத்தில், கடையில் தராசைச் சரிசெய்தால் எழுதிவைக்க வேண்டிய இடத்தில், பென்சிலால் பொடி எழுத்து. முதல் மூன்று வாரம் அந்த ஓரம் காலி. நான்காவது வாரம், 'முள் ½ அதிகம். கம்பி தளர்ச்சி. சரி செய்தது.' மூன்று நாள் கழித்து மறுபடி, '½ அதிகம். சரி செய்தது.' பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. கடைசி ஐந்து நாளில் தினமும். மகள் விரலை வைத்து எண்ணினாள். பதினைந்து தடவை, தடவைக்கு அரைக் கிலோ.

அம்மா எதையும் மறைக்கவில்லை. எந்தத் தேதியில் எவ்வளவு நீர் ஏறியது என்பதை எந்த ஆஸ்பத்திரியும் எழுதாத அளவுக்குச் சுத்தமாக எழுதி வைத்திருந்தாள். அறுபதைத் தொட்ட நாள்கூட அதில் இருந்தது. இரண்டரை வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. அன்று மகளிடம் சொன்னது நடுவில் இருந்த எண்ணை மட்டும்.

அம்மா போட்ட கணக்கு இப்படித்தான் இருந்திருக்கும். ரெண்டு வாய்கூட இறங்காதவளுக்கு எடை எப்படி ஏறும்? கை இளைத்துக்கொண்டே வருகிறதே? அப்படியானால் தராசில்தான் கோளாறு. கோளாறா இல்லையா என்று பார்க்க எடை தெரிந்த ஒரு கல் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே கல், அவள் உடம்பு. ஆஸ்பத்திரியில் நிறுத்து, டாக்டர் முத்திரை குத்தி அனுப்பிய ஐம்பத்தெட்டு கிலோ. முள் அதைத் தாண்டிய போதெல்லாம் சக்கரத்தைத் திருப்பி ஐம்பத்தெட்டுக்கே கொண்டுவந்திருக்கிறாள். அந்தக் கல்லையும் யார் எழுதிக்கொடுத்தார்கள் என்று மகள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். 'முத்திரை குத்திய கல் மாதிரி வைத்துக்கொள்' என்ற வரிக்குக் கீழே அம்மா ஸ்கேல் வைத்துச் சிவப்பில் கோடிட்டிருந்தாள். 'ஏறினால் அது தண்ணீர்தான்' என்ற வரியும் அதற்கு மேலேயே இருந்தது. இன்னும் மேலே, இரண்டு கோடு போட்டு அடித்த வரி. கோட்டுக்கு நடுவில் பூஜ்யம் என்ற சொல் நன்றாகவே படிக்க முடிந்தது.

மகள் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். டைலரின் மனைவி மேலே ஏறி வந்து, என்ன ஏது என்று கேட்காமல், தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நோட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தாள். ஓரத்தில் இருந்ததை எல்லாம் நடு எண்ணோடு கூட்டி, ஒவ்வொரு தேதிக்கும் நிஜமான எடையைத் தன் கையால் எழுதியிருந்தாள். பொடிப் பாக்கெட்டையும் வைத்தாள். டாக்டர் பக்கம் பக்கமாகப் படித்தார். "இவ்வளவு ஒழுங்கா எழுதின பேஷன்ட்டை நான் பார்த்ததில்ல" என்றார். பிறகு நோட்டை மூடி அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். இனிமேல் அதை வைத்து அவர் செய்ய ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அம்மாவுக்கு நினைவு தெளிந்தது. மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். மகளைப் பார்த்ததும் அம்மாவின் புருவம் சுருங்கியது.

"எதுக்கு வந்தே? லீவு கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்கம்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அம்மா நான்கைந்து மூச்சு சேர்த்துக்கொண்டாள். "நீ எழுதினபடி ஒண்ணுவிடாம செஞ்சேன். உப்பே கிடையாது. மாத்திரை ஒருநாள் விடல."

"தெரியும்மா. பார்த்தேன்."

"அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

மகள் அந்தக் கேள்விக்கு வழியெல்லாம் பதில் தயார்செய்துகொண்டுதான் வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவளுக்குப் பொய் பிடிக்காது என்று நினைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மெலிந்த விரல்கள், சில்லென்று இருந்தன.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். கோவிச்சுக்காதே."

"என்னம்மா?"

"நீ வாங்கிக் கொடுத்த தராசு பழுது. கம்பி தளர்ந்துபோச்சு. தினம் தினம் ஏறிக்கிட்டே போகுது." மூச்சு வாங்கினாள். "அவ்வளவு ஆசையா வாங்கிக் கொடுத்தே. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல. நானே சரிபண்ணி சரிபண்ணிப் பார்த்துக்கிட்டேன்."

முப்பத்தொரு வருடம் ஒரு கிராம் பொய் சொல்லாதவள், வாழ்க்கையில் மறைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் இது.

"நான் சரியாத்தானே பார்த்தேன்?" என்றாள் அம்மா. பயந்துபோன குரல். தராசில் நின்ற ஒருநாளும் அவளுக்கு அந்தக் குரல் இருந்ததில்லை.

"நீ சரியாத்தான் பார்த்திருக்கேம்மா. அது மட்டமான தராசு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"நான்தான் சொன்னேன் இல்ல, கம்பி தளர்ச்சின்னு?"

"ஆமாம்மா. நீதான் சரி."

அம்மாவின் முகத்தில் இறுக்கம் விட்டது. நர்ஸ் எடைநாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போவதைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. கல்லு வச்சுப் பார்த்துட்டு நிறுக்கச் சொல்லு" என்றாள். மகள் எழுந்து போய், நர்சின் காதருகில் ஏதோ கேட்பதுபோல் குனிந்து நின்றுவிட்டு, சொல்லியாச்சு என்று திரும்பி வந்தாள். அம்மா தலையை அசைத்தாள்.

மறுநாள் காலை, எடை பார்க்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அம்மா போய்விட்டாள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில் அன்றைய தேதி போட்டு எடைக்கான கட்டம் காலியாக இருந்தது. மகள் நோட்டைப் பிரித்தாள். அதில் நடு வரிசையில் கடைசி எண் ஐம்பத்தெட்டு. அதற்குப் பக்கத்தில், அவளே முந்தைய நாள் எழுதிய அறுபத்தைந்தரை. அதை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, அம்மாவின் எண்ணை மட்டும் விட்டுவைத்தாள்.